நம்பர் கிடைத்துவிட்டது, செட்டிங் தேறியதா?

ஏப்ரல் 1 நெருங்க நெருங்க இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. சில்லறை முதலீட்டாளர்களின் அல்கோ வர்த்தகத்துக்காக செபி 2025 பிப்ரவரி 4-இல் வெளியிட்ட விதிகள், தேதி தள்ளித் தள்ளி, 2026 ஏப்ரல் 1 முதல் எல்லாப் புரோக்கர்களுக்கும் கட்டாயமாகின்றன. கடிதங்களில் வார்த்தைகள்தான் வேறு வேறு, சந்தேகம் ஒன்றுதான்: "அல்கோவுக்கு எக்ஸ்சேஞ்ச் நம்பர் வந்துவிட்டது. 'வாக் ஃபார்வர்டு டெஸ்ட் செய்யப்பட்டது' என்றும் போட்டிருக்கிறார்கள். பணம் போடலாமா?"

நம்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆர்டர் எந்த அல்கோவிலிருந்து கிளம்பியது என்று பிற்பாடு தேடிப் பிடிக்கத்தான் அந்த அடையாளம். நம்பர் பிளேட் இருப்பதால் வண்டிக்கு பிரேக் பிடிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. கடந்த கால லாபத்தையோ வரப்போகும் லாபத்தையோ காட்டி அல்கோ விற்கக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே செபி புரோக்கர்களுக்குச் சொல்லிவிட்டது. அதனால்தான் 'வாக் ஃபார்வர்டு' என்ற சொல்லுக்கு இப்போது இவ்வளவு கிராக்கி என்பது என் சந்தேகம். லாபம் என்ற வார்த்தையை உச்சரிக்காமலே லாபத்தை நினைக்க வைத்துவிடுகிறது.

சூப்பர்டிரெண்ட் என்றால் என்ன, பேக்டெஸ்ட் எப்படி ஓட்டுவது என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. கடிதம் போட்டவர்களுக்கு அது என்னைவிட நன்றாகவே தெரிகிறது. தெரியாதது வேறு. திருப்பூர் வாசகர் ஒருவர் நிஃப்டியின் தினசரி சார்ட்டில் 2018 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரை எட்டு ஆண்டுத் தரவை எடுத்திருக்கிறார். சூப்பர்டிரெண்டில் காலத்தை 7 முதல் 21 வரையிலும், பெருக்கல் எண்ணை 1.5 முதல் 4 வரை 0.1 வீதமும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறார். காலத்துக்கு 15 மதிப்பு, பெருக்கல் எண்ணுக்கு 26. ஆக 390 செட்டிங். அதில் முதலிடம் பிடித்தது 13, 2.7. "இது சரியான செட்டிங்தானே?" என்று கேட்கிறார்.

390 பேரை ஓடவிட்டால் ஒருவர் முதலில் வந்தே தீருவார். அவர் நல்ல ஓட்டக்காரர் என்பதற்கு அது மட்டும் ஆதாரமாகாது. அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் 'நோட்டீசஸ்' இதழில் 2014-இல் பெய்லி, போர்வைன், லோபஸ் டி பிராடோ, ஸூ ஆகிய நால்வர் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கையில் ஐந்தாண்டு தினசரித் தரவுதான் இருக்கிறது என்றால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 45 செட்டிங்குகளுக்கு மேல் முயலக் கூடாது. அதைத் தாண்டினால், எந்தத் திறமையும் இல்லாத செட்டிங்குகளிலிருந்தே ஷார்ப் விகிதம் 1 உள்ள ஒன்று ஏறக்குறைய நிச்சயமாகக் கிடைத்துவிடும். 390-இல் பக்கத்துப் பக்கத்து செட்டிங்குகள் ஒன்றைப்போலவே நடந்துகொள்ளும் என்பதால், உண்மையில் தனித்தனியானவை அதைவிடக் குறைவுதான். ஆனாலும் திருப்பூர்க்காரர் எட்டே ஆண்டுத் தரவில் நிறையவே தேடிவிட்டார்.

அவர் தேர்ந்தெடுத்த எண் எதைப் பார்த்துப் படிந்தது என்பதையும் கவனியுங்கள். 2020 பிப்ரவரி நடுவில் 12,000-க்கு மேல் நின்ற நிஃப்டி, கொரோனா பயத்தில் மார்ச் 23 அன்று 7,610-இல் வந்து முடிந்தது. அந்த ஒரு நாளில் மட்டும் 13 சதவீத வீழ்ச்சி. ஆரம்பத்திலேயே ஷார்ட் போய், கடைசிவரை வெளியே வராமல் இருந்த செட்டிங்குக்கு ஒரே வர்த்தகத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் கிடைத்திருக்கும். எட்டு ஆண்டுத் தரவையும் ஒன்றாகப் போட்டு அலசினால், முதலிடத்துக்கு வருவது பெரும்பாலும் அந்த ஒரு சரிவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகத்தான் இருக்கும். கர்வ் ஃபிட்டிங் என்பது இதுதான். கண்டுபிடிப்பதும் கடினமில்லை: அந்த ஒரு வர்த்தகத்தை நீக்கிவிட்டு 390-ஐயும் மறுபடி வரிசைப்படுத்துங்கள். 13, 2.7 எங்கோ நடுவில் போய் உட்கார்ந்தால் விஷயம் முடிந்தது.

வாக் ஃபார்வர்டு இதற்கு மாற்று. ராபர்ட் பார்டோ 1992-இல் எழுதிய நூல் வழியாகப் பரவிய முறை. திருப்பூர்க்காரரின் தரவையே வைத்துப் பார்ப்போம். முதலில் 2018, 2019 இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்து, அதில் முதலிடம் வரும் செட்டிங்கைப் பிடிக்கிறோம். அதைக் கை வைக்காமல் 2020 ஜனவரி முதல் ஜூன் வரை ஓட்டுகிறோம். கொரோனா என்று ஒன்று வரப்போவது அந்தச் செட்டிங்குக்குத் தெரியாது. பிறகு ஆறு மாதம் நகர்கிறோம். 2018 ஜூலை முதல் 2020 ஜூன் வரை புதிதாகத் தேடல், கிடைத்ததை 2020-இன் பின்பாதியில் ஓட்டுதல். இப்படியே 2025 கடைசி வரை போனால் பன்னிரண்டு ஆறுமாதத் துண்டுகள் வரும். அவற்றை ஒட்டுப்போட்டால் ஆறு ஆண்டுக் கணக்கு. அதில் எந்த நாளின் லாப நட்டமும் அந்த நாளைப் பார்த்துத் தேர்ந்த செட்டிங்கால் வந்ததில்லை.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் பன்னிரண்டு துண்டிலும் ஓடியது வெவ்வேறு செட்டிங். அப்படியானால் தேர்வு எழுதியது யார்? 13, 2.7 அல்ல. 'இரண்டு ஆண்டு பார்த்து, முதலிடத்தை எடுத்து, ஆறு மாதம் ஓட்டு' என்ற பழக்கம்தான் தேர்வு எழுதியது. ஆகவே, மாறாத ஒரு செட்டிங்கைக் காட்டி 'வாக் ஃபார்வர்டில் தேறியது' என்று யாராவது விற்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை எந்த விதிப்படி மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். மாற்றுவதே இல்லை என்று பதில் வந்தால், அவர்கள் சோதித்தது ஒன்று, விற்பது வேறொன்று.

துண்டுக்குத் துண்டு எந்தச் செட்டிங் வந்தது என்ற பட்டியலையும் வாங்கிப் பாருங்கள். லாபத்தைவிட அது அதிகம் பேசும். 12, 2.8 பிறகு 13, 3.0 பிறகு 12, 2.9 என்று நெருக்கமாக நகர்ந்தால் சந்தையில் ஏதோ ஒன்று நிலையாக இருக்கிறது என்று கொள்ளலாம். 8, 1.7 பிறகு 20, 3.8 பிறகு 9, 1.6 என்று தாவினால் ஒவ்வொரு முறையும் இரைச்சலில்தான் கை விட்டிருக்கிறார்கள். அதில் வியப்பும் இல்லை. தினசரி சார்ட்டில் பெருக்கல் எண் 3 பக்கம் இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒரு டஜன் சொச்சம் வர்த்தகம் வரும். அந்த டஜனை வைத்து 390 பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம்.

கடிதங்களில் அடிபடும் 'எஃபிஷியன்ஸி' எண்ணுக்கு வருவோம். கணக்குக்காகச் சில எண்களைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். தேடிய காலத்தில் சராசரியாக ஆண்டுக்கு 24 சதவீதம், காணாத காலத்தில் 9 சதவீதம் என்றால், ஒன்பதை 24-ஆல் வகுத்து 37.5 சதவீதம். 50-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்பது இந்தத் துறையில் புழங்கும் வழக்கு. அனுபவத்தில் சொல்வது, சூத்திரம் எதிலிருந்தும் வந்ததில்லை. நான் அதற்குள்ளே போய்ப் பார்க்கச் சொல்வேன். ஆறு ஆண்டுக்கு 9 வீதம் மொத்தம் 54. அதில் 38, கொரோனா வந்த முதல் துண்டிலேயே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். மீதிப் பதினோரு துண்டும் சேர்ந்து ஐந்தரை ஆண்டில் தந்தது 16. ஆண்டுக்கு மூன்று சதவீதம்கூட இல்லை. பேசாமல் பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருக்கலாம்.

என்னை உறுத்துவது இன்னொன்று. திருப்பூர்க்காரர் அடுத்து என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைச் செய்திருக்கிறேன். முதல் ஓட்டம் நட்டத்தில் முடியும். இரண்டு ஆண்டுக்குப் பதில் மூன்று ஆண்டு பார்த்தால் என்ன என்று தோன்றும். பிறகு ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம். பிறகு ஏடிஎக்ஸ் 20-க்கு மேல் இருந்தால் மட்டும் உள்ளே போகலாம் என்று ஒரு வடிகட்டி. ஏழாவது முயற்சியில் கோடு அழகாக மேலே ஏறும். காணாத காலம் என்று பெயர் வைத்த அந்த ஆறு ஆண்டையும் இதற்குள் ஏழு முறை கண்டாயிற்று. இப்போது தேடல் 390 செட்டிங்கில் நடக்கவில்லை, ஒரு படி மேலே, தேடும் முறைகளுக்கு இடையே நடக்கிறது. மென்பொருளுக்கு இது தெரியாது. ஏழாவது ஓட்டத்தின் அறிக்கையும் முதல் ஓட்டத்தின் அறிக்கையும் ஒரே மாதிரித்தான் அச்சாகும். தூக்கிப்போட்ட ஆறு பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

அல்கோ விற்பவரிடமும் இதே கதைதான், அவர் தூக்கிப்போட்டவை ஆறா அறுநூறா என்பதுதான் கேள்வி. தர்க்கத்தை வெளியே காட்டாத 'பிளாக் பாக்ஸ்' அல்கோ தருபவர், ரிசர்ச் அனலிஸ்ட்டாகப் பதிவு செய்து ஒவ்வொன்றுக்கும் ஆய்வறிக்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது புதிய விதி. வைத்திருக்கட்டும். முதலீட்டாளர் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு, எத்தனை முயற்சிக்குப் பிறகு இது கிடைத்தது என்ற ஒரு எண்ணை அதில் கட்டாயமாக்காதது எனக்குப் புரியவில்லை.

சொந்தமாகச் செய்பவர்கள் ஒரு நோட்டில் ஒவ்வொரு ஓட்டத்தையும் தேதி போட்டு, ஓட்டுவதற்கு முன்பே எழுதி வைக்கலாம். கடைசி ஓராண்டுத் தரவைக் கோப்பிலிருந்தே வெட்டித் தனியே வைத்து, எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு முறை திறக்கலாம். நட்டம் வந்தால் அந்த முறையைக் கைவிட வேண்டும். திருத்திவிட்டு மீண்டும் ஓட்டினால் அந்த ஓராண்டும் செல்லாத நோட்டு.

மற்றக் கேள்விகள்.

சோதனைத் துண்டின் முதல் நாளில் இண்டிகேட்டரைக் கணக்கிட முந்தைய நாட்களின் விலை தேவைப்படுகிறதே, அது ஏமாற்றா? இல்லை, அன்று உங்களுக்குத் தெரிந்த விலைதானே.

சிக்னல் வந்த அதே முடிவு விலையில் வாங்கியதாகக் கணக்குப் போடலாமா? கூடாது, அடுத்த நாள் தொடக்க விலை.

செலவு? அந்தந்தக் காலத்துக்கு இருந்ததைப் போடுங்கள். ஃபியூச்சர்ஸ் விற்பனைக்கான எஸ்டிடி 2024 அக்டோபர் 1-இல்தான் 0.0125-இலிருந்து 0.02 சதவீதமானது.

தேடும் காலம் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும்? போதுமான வர்த்தகம் வரும் அளவுக்கு. ஆண்டுக் கணக்கு இரண்டாம்பட்சம்.

முதலிடம் வந்ததைத்தான் எடுக்க வேண்டுமா? அக்கம்பக்கத்து செட்டிங்குகளும் லாபம் காட்டும் இடத்தின் நடுவை எடுங்கள், ஒற்றைக் கூர்முனையை விடுங்கள்.

13, 2.7-ஐ இன்று முதல் காகிதத்தில் ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாமா? பார்க்கலாம். மூன்று நான்கு வர்த்தகம் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.