இலவசமாக வாங்கியவர் தரும் ஐந்து நட்சத்திரம்

ஆன்லைனில் பொருள் வாங்கும்போது ரிவ்யூ படிக்கிறவர்களில் பலர், எழுதியவரின் பெயருக்குக் கீழே "Verified Purchase" என்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அவர் காசு கொடுத்து வாங்கியவர், அதனால் நம்பலாம் என்று முடிவு கட்டுவார்கள். அவர் வாங்கியது உண்மைதான். ஆனால் கொடுத்த காசு சில நாட்களிலேயே யுபிஐ வழியாக அவருக்குத் திரும்பி வந்திருக்கலாம். அந்த விவரத்தை எந்த முத்திரையும் நமக்குச் சொல்வதில்லை.

இந்த வியாபாரம் பெரும்பாலும் டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. நடுவில் இருந்து நடத்துகிறவரை மீடியேட்டர் என்பார்கள். குழுவில் அவர் ஒரு பொருளின் படத்தைப் போடுவார். லிங்க் கொடுக்க மாட்டார்; தளத்தில் இன்ன சொல்லைத் தட்டித் தேடி, இந்தப் பொருள் வரும்வரை கீழே போய், சொந்தக் காசில் வாங்குங்கள் என்பார். சாதாரண வாடிக்கையாளர் தேடி வாங்குவது போலவே தளத்துக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வாங்கியவர் ஆர்டர் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டையும் ஒரு படிவத்தில் பதிவார். பொருள் வந்து சில நாள் கழித்து ஐந்து நட்சத்திரமும், படத்தோடு நாலு வரியும் போடுவார். அது தளத்தில் வெளியானதும் அதன் இணைப்பை அனுப்ப வேண்டும். பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு முழுப் பணமும் வரும். சில சமயம் ஐம்பதோ நூறோ பிடித்துக்கொண்டு மீதி வரும். எழுத வேண்டாம், நட்சத்திரம் மட்டும் போதும் என்கிற டீலும் உண்டு.

இந்த நடைமுறையைத் தெரிந்துகொண்டால், போலி ரிவ்யூவைப் பிடிக்கும் வழி அதற்குள்ளேயே இருப்பது புரியும். பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் பொருள் கைக்கு வந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் எழுதி முடித்துவிட வேண்டும். ஆகவே அவரால் பெட்டி, நிறம், தோற்றம், முதல் நாள் வேலை ஆகியவற்றைப் பற்றி மட்டுமே சொல்ல முடியும். மூன்றாவது மாதம் சார்ஜ் நின்றதா, பிளேடு மழுங்கியதா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. இன்னொன்று, பிரச்சாரம் குறிப்பிட்ட நாட்களில்தான் நடக்கும். அதனால் ரிவ்யூக்களும் கூட்டமாக வந்து சேரும். எழுத்து நடையைவிட நான் இந்தத் தேதிக் கணக்கைத்தான் நம்புகிறேன். எழுத்தை யார் வேண்டுமானாலும் மெருகேற்றிவிடலாம். தேதியை விற்பவரால் மாற்ற முடியாது.

ஒரு மாதிரிப் பக்கத்தை வைத்து இதைச் செய்து பார்ப்போம். காய்கறி நறுக்கும் சிறிய சாப்பர், யுஎஸ்பியில் சார்ஜ் ஏற்றுவது, விலை 899 ரூபாய். பிராண்டின் பெயரை நாம் கேள்விப்பட்டதில்லை. நட்சத்திரம் 4.3, மதிப்பிட்டவர்கள் ஆயிரத்து எண்ணூறு சொச்சம். பார்த்தவுடன் வாங்கத் தோன்றும்.

முதலில் அந்த 4.3-ஐத் தொட்டு, அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஐந்து நட்சத்திரம் 76 சதவீதம், நான்கு 8, மூன்று 2, இரண்டு 1, ஒன்று 13 என்று விரிகிறது. சாப்பர் போன்ற பொருளுக்கு, 'பரவாயில்லை, வெங்காயத்துக்குச் சரி, கேரட்டுக்கு முடியவில்லை' என்கிற நடுத்தரக் கருத்து கொஞ்சமாவது வரும். இங்கே நடுவில் ஏறக்குறைய ஆளே இல்லை. கொண்டாடுகிறவர்களும் திட்டுகிறவர்களும் மட்டும் இருக்கிறார்கள். இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நல்ல பொருளுக்கும் சில நேரம் இப்படி அமையும். ஆனால் உள்ளே போய்ப் பார்க்க இது போதுமான காரணம்.

அடுத்து வரிசையை மாற்ற வேண்டும். தளம் தானாக முன்னால் காட்டுவது "Top reviews". அதை "Most recent" என்று மாற்றினால் தேதிவாரியாக வரும். நம் மாதிரிப் பக்கத்தில் மார்ச் 8 முதல் 11 வரை இருபத்து மூன்று பேர் ஐந்து நட்சத்திரம் தந்திருக்கிறார்கள். பிறகு ஏப்ரல் கடைசி வரை ஆரவாரம் இல்லை. ஏப்ரல் 28-லிருந்து மறுபடி நான்கு நாள் மழை. இந்த இரண்டு அலைகளுக்கும் இடையில் பதினான்கே பதினான்கு ரிவ்யூக்கள். அந்தப் பதினான்கையும் பொறுமையாகப் படியுங்கள். பிரச்சாரம் ஓய்ந்திருந்த காலத்தில் எழுதியவர்கள் அவர்கள். பெரும்பாலும் யாரும் கேட்காமலே எழுதியவர்கள். அதில் ஒன்பது பேர் ஒன்று அல்லது இரண்டு நட்சத்திரம்தான் தந்திருக்கிறார்கள். ஒருவர் 'இருபது நாளில் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது' என்கிறார். இன்னொருவர் 'லைட் எரிகிறது, மோட்டார் சுற்றவில்லை' என்கிறார். மூன்றாமவர் 'ஒரு மாதம் கழித்து ஆன் ஆகவே இல்லை, திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது' என்கிறார். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு சொற்கள், ஆனால் குறை ஒன்றே: பேட்டரி ஒரு மாதம் தாங்குவதில்லை. வேண்டாத போட்டியாளர் ஒருவர் ஆள் வைத்துத் திட்டினால் 'மோசம், வாங்காதீர்கள்' என்று பொதுவாக இருக்கும். இப்படி ஒரே இடத்தில் உடைவதை ஆளுக்கொரு விதமாக விவரிப்பது அரிது. இந்தச் சாப்பரை வாங்கக் கூடாது.

அலையில் வந்த இருபத்து மூன்றில் இரண்டு மூன்று பேரின் பெயரைத் தட்டி, வேறு எதற்கெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். ஒரே வாரத்தில் மூட்டுவலி பெல்ட், கார் வேக்யூம், குழந்தைக்கான தலையணை, தாடி எண்ணெய் என்று கேள்விப்படாத பிராண்டுகளுக்கு ஐந்தைந்து நட்சத்திரமாகக் கொட்டியிருந்தால் சந்தேகம் உறுதியாகும். சிலர் தங்கள் பக்கத்தை மறைத்து வைத்திருப்பார்கள். அது மட்டுமே குற்றமாகிவிடாது.

இனி வேறொரு வகை. இதில் ரிவ்யூ எழுதியவர் நேர்மையானவர்தான். அவருடைய எழுத்தைத்தான் வேறு பொருளுக்குக் கடத்தியிருப்பார்கள். ஒரே பொருளின் நிறங்களையும் அளவுகளையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்ட தளங்கள் இடம் தருகின்றன. அந்த வசதியை வைத்து, நன்றாக விற்ற பழைய பொருளோடு புதிய பொருளை ஒட்டிவிட்டால் பழையதன் நட்சத்திரம் முழுக்கப் புதியதற்கு வந்துவிடும். அமெரிக்காவில் வைட்டமின் மாத்திரை விற்கும் தி பவுண்டிஃபுல் கம்பெனி அமேசானில் இதைச் செய்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி நடவடிக்கை எடுத்தது. 2023-ல் அந்நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பழைய ரிவ்யூக்களுக்குப் போய்ப் படங்களைப் பாருங்கள். சாப்பர் பக்கத்தில் யாரோ மொபைல் கவர் படம் போட்டு 'போனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது' என்று எழுதியிருந்தால் கதை முடிந்தது. எழுதியவர் பெயருக்குக் கீழே அவர் வாங்கிய நிறமும் மாடலும் சிறிய எழுத்தில் இருக்கும். நீங்கள் வாங்கப்போவது அதே மாடல்தானா என்று அங்கே தெரிந்துவிடும்.

நகல் ரிவ்யூவைப் பிடிக்கவும் அதிக வேலை இல்லை. சற்று விசித்திரமான ஒரு வாக்கியத்தை, எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடு, மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். ஒரே தொழிற்சாலைப் பொருள் ஐந்தாறு பெயரில் விற்கப்படும்போது அதே வாக்கியம், அதே பிழையோடு, வேறு பிராண்டின் பக்கத்திலும் நிற்பதைக் காணலாம். வாடிக்கையாளர் எடுத்ததாகப் போட்டிருக்கும் படத்தை கூகுள் லென்ஸில் தேடினாலும் மூலம் கிடைத்துவிடும்.

சலுகைக்காக எழுதப்படும் ரிவ்யூவை நம்மில் பலர் கையிலேயே வாங்கியிருக்கிறோம். பெட்டிக்குள் பளபளப்பான ஒரு அட்டை. 'ஐந்து நட்சத்திரம் கொடுத்து ஸ்கிரீன்ஷாட்டை இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள், 100 ரூபாய் கேஷ்பேக்' என்றோ, 'ஆறு மாதம் கூடுதல் வாரண்டி' என்றோ இருக்கும். இங்கே எழுதுகிறவர் பொய் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. பொருள் பிடித்தவர்கள் எழுதுகிறார்கள். சுமார் என்று நினைத்தவர்கள் நூறு ரூபாய்க்காக ஐந்தாக்குகிறார்கள். பிடிக்காதவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ரிவ்யூக்களுக்குள் தேடும் பெட்டியில் cashback, card, warranty என்று தட்டிப் பாருங்கள். கோபமடைந்த யாராவது அந்த அட்டையைப் படம் பிடித்துப் போட்டிருப்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் அந்தப் பக்கத்தின் நட்சத்திரத்தில் எனக்கு நம்பிக்கை போய்விடும். அமேசானின் "Vine" முத்திரை இதிலிருந்து வேறுபட்டது: பொருளை இலவசமாகப் பெற்றார் என்பது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும், நல்லதாக எழுத வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. ஆனாலும் கொடுத்த காசுக்குத் தகுமா என்பதை அவர் சொல்ல முடியாது. அவர் காசு கொடுக்கவில்லை.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. தீபாவளித் தள்ளுபடிக்குப் பிறகு நேர்மையான பொருளுக்கும் ரிவ்யூக்கள் கூட்டமாக வரும். 'சூப்பர்', 'குட் ப்ராடக்ட்' என்று ஒற்றை வார்த்தையில் முடிப்பது நம் ஊரில் உண்மையான வாடிக்கையாளரின் வழக்கம். காசுக்கு எழுதுகிறவர்தான் பத்தி பத்தியாக எழுதுவார். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவெடுக்காமல், இரண்டு மூன்று சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. விற்பவர் வாடிக்கையாளர் போல நடித்து ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ரிவ்யூக்களைத் தளங்கள் எப்படிச் சேகரித்து வெளியிட வேண்டும் என்பதற்கு 2022-ல் ஐஎஸ் 19000 என்ற இந்தியத் தர நிர்ணயமும் வந்தது. ஆனால் விரும்பியவர் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது அறிமுகமானது. ஆகவே காவலின் பெரும்பகுதி இன்னமும் வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது.

உங்கள் பெட்டியில் அந்த அட்டை வந்தால் எண்ணை மறைத்துவிட்டு அதைப் படம் பிடித்து ரிவ்யூவாகவே போடுங்கள். தளத்திடமும் புகார் செய்யுங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். ரிவ்யூ எழுதினால் சம்பளம், முதலில் கொஞ்சம் பணம் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால் அது சைபர் மோசடி; அதற்கான எண் 1930. நீங்கள் வாங்கிய பொருளுக்கு மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு நாலு வரி எழுதுங்கள். எத்தனை மாதம் பயன்படுத்தினீர்கள், எந்தப் பாகம் தேய்ந்தது என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.