வங்கியில் கழிந்தது, வாலட்டில் ஏறவில்லை: இடையில் பணம் எங்கே இருக்கிறது?

2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை. இரவு எட்டரை மணிக்கு ஒருவர் தன் வாலட்டில் 2,000 ரூபாய் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செயலியில் தொகையை அடித்து, யூபிஐ வழியைத் தேர்ந்தெடுத்து, ரகசிய எண்ணையும் போட்டாயிற்று. அடுத்த நிமிடம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது: கணக்கில் 2,000 ரூபாய் கழிந்துவிட்டது. வாலட்டிலோ பழைய இருப்பு அப்படியே இருக்கிறது. திரையில் Pending என்கிற ஒரே ஒரு சொல்.

இந்த நிலையில் நிறைய பேர் செய்வது, திரும்பவும் அதே 2,000 ரூபாயைப் போட்டுப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். ஒரு தொகை தேங்கி நிற்கும்போது இன்னொன்றையும் அனுப்பினால் இரண்டும் மாட்டலாம். பிறகு எது ஏறியது, எது திரும்பியது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பணம் எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால், வாலட் டாப்-அப் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் கண்ணுக்கு ஒரே தட்டலில் முடிகிற வேலைதான் இது. உள்ளே குறைந்தது மூன்று பேர் தனித்தனியாகக் கணக்கு எழுதுகிறார்கள். வங்கியின் பேரேடு ஒன்று. பணத்தை வாங்கிக் கொடுக்கும் பேமென்ட் கேட்வேயின் பதிவு இன்னொன்று. வாலட் நிறுவனத்தின் பேரேடு மூன்றாவது. வங்கி முதலில் நம் கணக்கில் பற்று எழுதும். பிறகு "பணம் வந்தது" என்ற செய்தி கேட்வேக்குப் போய், அங்கிருந்து வாலட்டுக்குப் போக வேண்டும். அந்தச் செய்தி கிடைத்த பிறகுதான் வாலட் நிறுவனம் நம் பெயரில் 2,000 வரவு எழுதும்.

கோளாறு பெரும்பாலும் இந்தச் செய்தியில்தான். வங்கி பற்று எழுதி முடித்த பிறகு பதில் வழியில் தொலைந்திருக்கலாம். குறித்த நேரத்துக்குள் வராததால், காத்திருந்த சர்வர் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். சம்பள நாள் மாலையில் வங்கியின் சர்வர் திணறியிருக்கலாம். எதுவானாலும் வாலட் நிறுவனத்துக்குப் பணம் வந்ததா வரவில்லையா என்று அந்த நொடியில் தெரியாது. தெரியாமல் வரவு எழுதினால், வராத பணத்தைத் தந்ததாகிவிடும். அதனால் அது காத்திருக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை கேட்வேயிடம் நிலவரம் கேட்டுக்கொண்டிருக்கும். பல டாப்-அப்கள் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தானாக ஏறிவிடுவது இப்படித்தான்.

அப்படியும் ஏறவில்லை என்றால், பிறகு கணக்கு ஒப்பிடும் வேலை நடக்கும். ஒரு நாள் நடந்த எல்லாப் பரிமாற்றங்களின் பட்டியலையும் வங்கி, கேட்வே, வாலட் மூன்றும் வரிவரியாகப் பொருத்திப் பார்க்கும். பொருந்தாத வரிகள் வெளியே வரும். நம் 2,000 ரூபாய் அவற்றில் ஒன்று.

இங்கேதான் நமக்கு முக்கியமான பிரிவு வருகிறது. பொருந்தாத வரி இரண்டு வகைப்படும். ஒன்றில், வங்கி கழித்தது, ஆனால் பணம் வங்கியை விட்டு வெளியே போகவே இல்லை. அப்படியானால் பணம் நம் வங்கியிடமே இருக்கிறது. அதைத் திருப்பி எழுத வேண்டியது வங்கி. மற்றொன்றில், பணம் வாலட் நிறுவனத்தின் பக்கம் வந்துவிட்டது, ஆனால் நம் பெயரில் வரவு எழுதப்படவில்லை. முழு அடையாளச் சரிபார்ப்பு முடிக்காத சிறு வாலட்டுகளில் 10,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. ஏற்கெனவே 9,000 இருக்கும் வாலட்டில் 2,000 போட்டால் இந்த நிலை வரலாம். பெரும்பாலும் செயலியே முதலில் தடுத்துவிடும். தடுக்கத் தவறினால் பணம் வாசல் வரை வந்து நின்றுவிடும். இந்த இரண்டாவது வகையில் கேட்வேயோ வாலட் நிறுவனமோ ஒன்று வரவு எழுத வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டு வகையிலும் பணம் மறைந்துபோவதில்லை. வங்கி அல்லாத வாலட் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் பணத்தைத் தங்கள் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது, வணிக வங்கியில் தனியாக ஒரு எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. யாரோ ஒருவருடைய கணக்கில் அந்த 2,000 ரூபாய் உரிமையாளர் பெயர் பொருந்தாத தொகையாக நின்றுகொண்டிருக்கிறது.

சரி, எவ்வளவு நாள் காத்திருப்பது? இதற்கு விதி இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை அது. அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. தோல்வியடைந்த பரிமாற்றம் ஒவ்வொன்றிலும் எத்தனை நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும், தாமதமானால் எவ்வளவு இழப்பீடு என்று அது சொல்கிறது. தகவல் தொடர்பு அறுந்தது, நேரம் கடந்தது போல, வாடிக்கையாளர் காரணம் இல்லாமல் நின்றுபோன எதுவும் தோல்வியடைந்த பரிமாற்றம்தான்.

யூபிஐயில் ஒருவர் இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். ஆனால் வணிகருக்குச் செலுத்திய பணத்துக்கு உறுதிச் செய்தி போகவில்லை என்றால், பரிமாற்ற நாளிலிருந்து ஐந்து நாள் வரை அவகாசம். டெபிட் கார்டில் இணையம் வழியாகச் செலுத்தினாலும் அதே ஐந்து நாள்தான். நம் வாலட்டில் நாமே பணம் போடுகிறோம், இதில் வணிகர் எங்கே வந்தார் என்று தோன்றும். பணம் செலுத்தும் அமைப்பின் பார்வையில் டாப்-அப் என்பது பெரும்பாலும் வாலட் நிறுவனத்திடம் ஒரு பொருள் வாங்குவது போல்தான். வாலட் நிறுவனம்தான் அங்கே வணிகர். எனவே ஐந்து நாள் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது பொருத்தம்.

நம் உதாரணத்தில் மார்ச் 7 பரிமாற்ற நாள். ஐந்து நாள் சேர்த்தால் மார்ச் 12, புதன்கிழமை. இடையில் சனி, ஞாயிறு வந்தாலும் நாட்கணக்கு நிற்காது. சுற்றறிக்கை சொல்வது நாட்காட்டித் தேதியைத்தான். சில செயலிகள் "ஏழு வேலை நாட்கள்" என்று காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விதி தரும் கெடுவை இப்படி நீட்டிச் சொல்வது சரியில்லை. மார்ச் 12-ஐத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பணம் மார்ச் 18 அன்று திரும்பினால் ஆறு நாள் தாமதம். 2,000 ரூபாயோடு 600 ரூபாயும் வர வேண்டும். இந்த இழப்பீட்டுக்கு நாம் புகார் கொடுக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கேட்காமலே தர வேண்டும் என்றுதான் சுற்றறிக்கை சொல்கிறது. ஆனாலும் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு, காரணம் விதி தெரியாததுதான்.

இந்த ஐந்து நாளில் நாம் செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலில், குறுஞ்செய்தியை நம்பி முடிவு கட்டாமல் வங்கிக் கணக்கு அறிக்கையைத் திறந்து பாருங்கள். கழிந்த பணம் சில மணி நேரத்தில் திரும்பி வந்து, அந்தச் செய்தி மட்டும் நமக்கு வராமல் இருந்திருக்கலாம். கார்டில் போட்டவர்களுக்கு இன்னொன்று: சில நேரம் தொகை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், உண்மையில் கழிந்திருக்காது. பயன்படுத்தக்கூடிய இருப்பு குறைந்து காட்டும், அறிக்கையில் பற்று வரி இருக்காது. அது தானே விடுவிக்கப்படும். வாலட்டிலும் இருப்பை மட்டும் பார்க்காமல் பரிமாற்றப் பட்டியலைப் பாருங்கள். வரவு ஏறி, பழைய பாக்கிக்கு உடனே கழிந்திருந்தால் இருப்பு மாறாமலே தெரியும்.

அடுத்து ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யூபிஐ பரிமாற்றத்துக்கு UTR அல்லது UPI Ref No என்று 12 இலக்க எண் இருக்கும். மூன்று பேரேடுகளையும் இணைக்கும் நூல் அதுதான். பெரும்பாலும் அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. மார்ச் 7, 2025 ஆண்டின் 66-ஆவது நாள் என்பதால் நம் எண் 5066 என்று தொடங்கியிருக்கும். ஒரே தொகையை இரண்டு முறை போட்டவர்களுக்கு எது எந்த நாளுடையது என்று பிரிக்க இது உதவும். வாலட் செயலி தரும் ஆர்டர் எண்ணையும் படம் பிடித்து வையுங்கள்.

பிறகு இரண்டு இடத்திலும் புகார் எண் வாங்குங்கள். வாலட்டுக்குச் செயலிக்குள் உதவிப் பகுதியில் எழுதுங்கள். வங்கிக்கு, யூபிஐ செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து புகார் பதிவு செய்யுங்கள். வங்கியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த எண்ணுள்ள பணம் எதிர்ப்பக்கம் வரவாகியிருக்கிறதா?" ஆமாம் என்றால் அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி வாலட் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இல்லை என்றால் திருப்ப வேண்டியது வங்கிதான். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், வங்கி வாலட்டைக் காட்டும், வாலட் வங்கியைக் காட்டும், நாம் நடுவில் அலைய வேண்டியிருக்கும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: திரும்பும் பணம் பொதுவாக எந்தக் கணக்கிலிருந்து கழிந்ததோ அங்கேதான் வரும். வாலட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வந்ததே தெரியாமல் போகலாம்.

இந்தப் பதற்றத்தைத்தான் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடினால் போலி எண்கள் வரும். அழைத்தால் மிக மரியாதையாகப் பேசுவார்கள். "பணம் திரும்ப வர இந்த செயலியை நிறுவுங்க, பின் நம்பரைப் போடுங்க" என்பார்கள். திரையைப் பகிரும் செயலியை நிறுவிய நொடியில் நம் போன் அவர்கள் கண்முன் திறந்துவிடும். யூபிஐ ரகசிய எண் பணம் கொடுக்கத்தான் தேவை. பணம் வாங்க ஒருபோதும் தேவையில்லை. திருப்பிச் செலுத்தவும் ஓடிபி கேட்க மாட்டார்கள். எண்ணைச் செயலிக்குள்ளிருந்தோ வங்கியின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2021 நவம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வங்கிகளோடு வாலட் நிறுவனங்களும் அடங்கும். cms.rbi.org.in தளத்தில் புகார் எண்களையும் 12 இலக்க எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்யலாம். விவரம் கேட்க 14448. இதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.