முக்கால் இன்ச் கணக்கு

நான் முதலில் செய்த புத்தக அலமாரியில், பக்கப்பலகை நெடுக பத்து இன்ச்சுக்கு ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு ரீப்பரை அடித்துவிட்டேன். தட்டுகளை ஏற்றியபின் அளந்தால் இடைவெளி ஒன்பதேகால் இன்ச்தான். தட்டின் கனம் முக்கால் இன்ச், தச்சர் கணக்கில் ஆறு நூல், அதை விழுங்கிவிட்டது. எட்டரை இன்ச் உயரமுள்ள டெம்மி புத்தகம் நுழைந்தது. மேலே விரல் விட்டு இழுக்கத்தான் வழியில்லை.

தட்டு உட்காருவது ரீப்பரின் மேல்விளிம்பில். அதனால் கோடு அந்த விளிம்புக்கு உரியது. வேண்டிய இடைவெளியோடு தட்டின் கனத்தையும் கூட்டி அடுத்த கோட்டைப் போட வேண்டும். ஐந்தடிப் பக்கப்பலகை, முக்கால் இன்ச் தட்டு என்று வைத்துக்கொள்வோம். துடைப்பம் நுழைய, தரையிலிருந்து 3¼ இன்ச்சில் முதல் கோடு. அகராதி, அட்லஸ் வைக்க அடித்தட்டில் 13 இன்ச் இடைவெளி விட்டால் அடுத்த கோடு 17-இல் வரும். அதற்குமேல் பத்து இன்ச் இடைவெளி போதும். எனவே பத்தேமுக்கால் பத்தேமுக்காலாக 27¾, 38½, 49¼. அடுத்தது சரியாக 60, பலகையின் தலை. மேல்தட்டு அங்கே ரீப்பர் இல்லாமல் பலகைகளின் மேலேயே உட்காரும்.

டேப்பை நகர்த்தி நகர்த்தி அளந்தால் ஒவ்வொரு முறையும் அரை நூல் பிசகி, உச்சியில் இரண்டு நூலாக நிற்கும். டேப்பை அடியில் ஒரே முறை பிடித்து எல்லாவற்றையும் குறிக்கவும். இரண்டு பக்கப்பலகைகளையும் அடி சமமாக ஒட்டிப் படுக்கவைத்து, மூலைமட்டம் வைத்து இரண்டுக்கும் சேர்த்தே கோடிழுப்பது நல்லது. வலமும் இடமும் ஒரு நூல் வித்தியாசப்பட்டாலும் தட்டு சாய்ந்துவிடும்; கோடு கோணலானால் நாலு மூலையும் பதியாமல் ஆடும்.

இது உயரக் கணக்கு. இரண்டு தாங்கிகளுக்கு நடுவே உள்ள நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. புத்தகம் அடுக்கினால் அடிக்கு எட்டு, பத்து கிலோ வரை வரும். முக்கால் இன்ச் மரப்பலகைக்கு 30 இன்ச் நீளத்தோடு நிறுத்திக்கொள்வேன். ஆறு இன்ச்தானே என்று 36 ஆக்கினால் தொய்வு இரண்டு மடங்காகும், ஏனென்றால் அது நீளத்தின் நான்காம் மடிப்பில் ஏறுகிறது. மூன்றடிதான் வேண்டுமென்றால் ஒரு இன்ச் பலகை வாங்குங்கள். இல்லையேல் நடுவில் ஒரு செங்குத்துப் பலகை கொடுங்கள். தொய்கிறதா என்று பார்க்க, தட்டின் முன்விளிம்பில் நூல் கட்டி இழுத்துப் பிடித்தால் போதும்.

ரீப்பரை முக்கால் இன்ச் கனத்தில், தட்டின் அகலத்தைவிட ஒரு இன்ச் குறைத்து வெட்டினால் முன்னால் தெரியாது. ஒன்றேகால் இன்ச் ஸ்க்ரூ இரண்டு, முன்கூட்டியே ட்ரில் போட்டு முடுக்க வேண்டும். ட்ரில் போடாவிட்டால் ரீப்பரின் முனை பிளக்கும்.

இவ்வளவு செய்தும் அலமாரி பக்கவாட்டில் ஆடத்தான் செய்யும். பின்னால் மெல்லிய ப்ளைவுட் அடித்தால்தான் நிற்கும். அடிக்குமுன் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து, இரண்டும் ஒன்றாக வரும்வரை தட்டிச் சரிசெய்துவிட்டு ஆணியை எடுங்கள்.