கட்டாத கடனுக்கு வந்த நட்டம்

2008 ஏப்ரலில் ஓர் அமெரிக்க டாலரின் விலை சுமார் 40 ரூபாய். அந்த ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானதும் உலக முதலீட்டாளர்கள் பல நாடுகளில் போட்டிருந்த பணத்தை எடுத்து டாலராக்கிக்கொள்ள விரைந்தார்கள். இந்தியப் பங்குச் சந்தையிலிருந்தும் பணம் வெளியேற, ரூபாய் இறங்கியது. 2009 மார்ச் 31 அன்று, நிதியாண்டின் கணக்கை மூடும் நாளில், டாலர் 51 ரூபாய்க்குச் சில பைசாக்கள் குறைவாக நின்றது.

டாலரில் கடன் வாங்கியிருந்த நிறுவனங்களுக்கு அந்த ஒரு தேதி பெரிய அடியாக விழுந்தது. இத்தனைக்கும், அவற்றில் பலவற்றுக்கு அசலைத் திருப்பிக் கட்டும் தவணையே இன்னும் வந்திருக்கவில்லை.

கோவைப் பக்கத்தில் ஒரு நூற்பாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளூர் வட்டியை விட டாலர் கடனுக்கு வட்டி குறைவு என்பதால், வெளிநாட்டு இயந்திரம் வாங்க 2008 ஏப்ரலில் 10 லட்சம் டாலர் கடன் எடுக்கிறது. அசல் முழுவதையும் 2010 ஜூனில் ஒரே தவணையாகக் கட்ட வேண்டும். வட்டியை இங்கே ஒதுக்கிவிடுவோம். மாற்று விகிதங்களையும் கணக்குப் போட எளிதாகச் சற்றே முழுமையாக்கிக்கொள்வோம். கடன் வந்த அன்று டாலர் 40 ரூபாய். ஆகவே பேரேட்டில் கடன் 4 கோடி ரூபாய், இயந்திரமும் 4 கோடி ரூபாய்.

2009 மார்ச் 31 வருகிறது. கடன் இன்னும் அதே 10 லட்சம் டாலர்தான். ஆனால் டாலர் 51 ரூபாய் ஆகிவிட்டதால், அதை ரூபாயில் சொன்னால் 5 கோடியே 10 லட்சம். கூடுதலான 1 கோடியே 10 லட்சத்தை நட்டமாக எழுத வேண்டும் என்கிறார் தணிக்கையாளர்.

“நான் இன்னும் ஒரு பைசா கட்டலையே ஆடிட்டர் சார், அதுக்குள்ள நட்டம் எங்கிருந்து வந்துச்சு?” என்று ஆலை முதலாளி கேட்டால், அது நியாயமான கேள்வி. இருப்புநிலைக் குறிப்பு என்பது அந்த ஒரு நாளில் நிறுவனம் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைச் சொல்லும் அறிக்கை. அன்று கடனை அடைக்க நினைத்தால் 4 கோடி போதாது. 4 கோடி என்றே விட்டுவைத்தால், அதைப் பார்த்துக் கடன் கொடுக்கும் வங்கியும் பணம் போடும் பங்குதாரரும் ஏமாந்துபோவார்கள். அதனால்தான் இந்தியாவின் 11ஆம் கணக்கியல் தரநிலை, வெளிநாட்டு நாணயத்தில் பெற வேண்டிய, தர வேண்டிய தொகைகளை ஆண்டு முடிவு விகிதத்தில் மறுமதிப்பிடச் சொல்கிறது. பெரிய நிறுவனங்கள் இப்போது பின்பற்றும் இந்தியக் கணக்கியல் தரநிலை 21-ம் இதையே சொல்கிறது.

குறிப்பேட்டுப் பதிவு எளிது. செலாவணி நட்டக் கணக்குக்கு 1 கோடியே 10 லட்சம் பற்று. டாலர் கடன் கணக்குக்கு அதே தொகை வரவு. நட்டம் அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குப் போகிறது. கையிலிருந்து பணம் போகாததால் இதை ஈடேறாத நட்டம் என்கிறார்கள். ரொக்கப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரியும் இருக்காது.

முதலாளியை உறுத்தும் இன்னொன்றும் உண்டு. கடன் மட்டும் 5 கோடியே 10 லட்சமாக ஏறுகிறது. அதே டாலரில் வாங்கிய இயந்திரமோ வாங்கிய நாளின் 4 கோடியிலேயே நிற்கிறது, தேய்மானம் போகக் குறையவும் செய்கிறது. இயந்திரம் பணமாக வந்து சேர வேண்டிய பாக்கி அல்ல; அது ஆலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பொருள். ஆகவே மறுமதிப்பீடு அதைத் தொடுவதில்லை. ஒருபக்கம் மட்டும் நகரும் இந்தக் கணக்குதான் அந்த மார்ச்சில் பல நிறுவனங்களின் இலாபத்தை விழுங்கப் பார்த்தது.

தொழில்துறையின் முறையீடு மத்திய அரசை எட்டியது. அதே 2009 மார்ச் 31 அன்று நிறுவன விவகார அமைச்சகம் 11ஆம் தரநிலையில் ஒரு பத்தியைச் சேர்த்தது. இயந்திரம் போன்ற தேய்மானச் சொத்துக்காக வாங்கிய நீண்டகாலக் கடன் என்றால், செலாவணி வேறுபாட்டை நட்டமாக எழுதாமல் அந்தச் சொத்தின் விலையோடு சேர்த்துத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றது அந்தச் சலுகை. கணக்கை மூடும் நாளன்றே விதி மாறியது நல்ல முன்னுதாரணம் அல்ல. நட்டம் மறையவில்லை, பின்னால் வரும் ஆண்டுகளுக்குப் பரவியது, அவ்வளவே. நமது ஆலை இந்தச் சலுகையை எடுக்கவில்லை என்று கொண்டு மேலே போவோம்.

அடுத்த ஓராண்டில் ரூபாய் மீண்டது. 2010 மார்ச் 31 அன்று டாலர் 45 ரூபாய். கடனின் மதிப்பு 4 கோடியே 50 லட்சமாக இறங்குகிறது. ஏட்டில் ஏற்கெனவே 5 கோடியே 10 லட்சம் இருப்பதால், குறைந்த 60 லட்சம் இந்த ஆண்டின் செலாவணி ஆதாயம். பதிவு தலைகீழாகும்: கடன் கணக்கு பற்று, ஆதாயக் கணக்கு வரவு.

2010 ஜூனில் கடனை அடைக்கும் நாள். வங்கி டாலரை 46 ரூபாய் 50 பைசாவுக்கு விற்கிறது. 10 லட்சம் டாலருக்கு 4 கோடியே 65 லட்சம் வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. இங்கேதான் கைகள் தவறுகின்றன. கடன் வாங்கியது 40 ரூபாயில், கட்டியது 46.50-இல், ஆகவே நட்டம் 65 லட்சம் என்று எழுதிவிடுகிறார்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளின் ஏற்ற இறக்கம் ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது. இந்த ஆண்டுக்கு உரியது, கடைசியாக ஏட்டில் இருந்த 4 கோடியே 50 லட்சத்துக்கும் கட்டிய தொகைக்கும் உள்ள 15 லட்சம் மட்டுமே. கடன் கணக்குக்கு 4 கோடியே 50 லட்சம் பற்று, செலாவணி நட்டத்துக்கு 15 லட்சம் பற்று, வங்கிக்கு 4 கோடியே 65 லட்சம் வரவு.

மூன்று ஆண்டுகளையும் கூட்டினால் கணக்கு பொருந்தும்: 110 லட்சம் நட்டம், 60 லட்சம் ஆதாயம், 15 லட்சம் நட்டம். மொத்தத்தில் 65 லட்சம் நட்டம். கடன் உண்மையில் தின்றது அவ்வளவுதான். மறுமதிப்பீடு இந்தத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. எந்த ஆண்டின் ரூபாய் சரிவு எந்த ஆண்டில் தெரிய வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானித்தது.

வருமான வரி இதே வழியில் நடப்பதில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43ஏ பிரிவு, வெளிநாட்டிலிருந்து வாங்கிய சொத்துக்கான கடன் என்றால் பணம் கட்டிய பிறகே வேறுபாட்டைச் சொத்தின் விலையில் சேர்க்க விட்டது. எனவே நமது ஆலை 2009 மார்ச்சில் எழுதிய நட்டத்தை வரிக் கணக்கில் திரும்பக் கூட்டிக்காட்ட வேண்டியிருந்திருக்கும். அன்றாட வியாபாரத்துக்கான டாலர் பாக்கி என்றால் நிலைமை வேறு. உட்வர்ட் கவர்னர் வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பணம் கட்டாவிட்டாலும் ஆண்டு முடிவு நட்டத்தைச் செலவாகக் கழிக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

பிழை இருக்கிறதா என்று பார்க்கக் கணக்காளருக்கு ஒரு வகுத்தல் போதும். ஆண்டு முடிவில் கடன் கணக்கின் ரூபாய் இருப்பை டாலர் இருப்பால் வகுத்தால் அன்றைய விகிதம் வர வேண்டும். 5 கோடியே 10 லட்சத்தை 10 லட்சத்தால் வகுத்தால் 51. வேறு எண் வந்தால் மறுமதிப்பீடு நடக்கவில்லை, அல்லது இரண்டு முறை நடந்திருக்கிறது. கடன் அடைந்த பிறகு டாலர் இருப்பும் ரூபாய் இருப்பும் சேர்ந்தே பூஜ்யமாக வேண்டும். 65 லட்சம் என்று தவறாக எழுதிய ஆலையில் டாலர் பாக்கி எதுவும் இராது. கடன் கணக்கில் மட்டும் 50 லட்சம் ரூபாய் யாருக்கும் தர வேண்டியிராத பாக்கியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.