பழைய நேரத்துக்கு வரும் நினைவூட்டல்

பல் மருத்துவமனை ஒன்றில் வேர் சிகிச்சைக்காக ஒருவர் வியாழன் காலை 10.30-க்கு முன்பதிவு செய்கிறார்; வருவதையும் உறுதி செய்துவிடுகிறார். புதன் நண்பகலில் மருத்துவருக்கு அவசர வேலை வரவே, வரவேற்பில் இருப்பவர் நேரத்தை வெள்ளி மாலை 4-க்கு மாற்றுகிறார். மாற்றத்தைச் சொல்லும் குறுஞ்செய்தியும் போகிறது. ஆனால் அன்று மாலையே, ‘நாளை காலை 10.30-க்கு வாருங்கள்’ என்று இன்னொன்று வருகிறது. கடைசியாக வந்ததை நம்பி அவர் வியாழனன்றே வந்து நிற்பார்.

முன்பதிவு செய்தபோதே நினைவூட்டலை எழுதி, அனுப்பும் வரிசையில் வைத்துவிட்டதுதான் காரணம். நேரம் பதிவேட்டில் மாறியது, வரிசையில் மாறவில்லை.

இதன் வேர் வடிவமைப்பில் இருக்கிறது. பதிவானது, உறுதியானது, ரத்தானது ஆகிய மூன்றும் நிலைகள். மாற்றப்பட்டது என்பதோ ஒரு நிகழ்வு. அதையும் நிலையாக வைத்தால், புதிய நேரத்துக்கு நோயாளி சம்மதித்தாரா என்பதைக் குறிக்க இடமில்லாமல் போகும். நாள்காட்டிச் செயலிகள் பயன்படுத்தும் iCalendar தரநிலை (RFC 5545, 2009) நிகழ்ச்சிகளுக்கு TENTATIVE, CONFIRMED, CANCELLED என்ற மூன்று நிலைகளையே தருகிறது. நேரம் மாறினால் அடையாள எண் அப்படியே இருக்கும். பதிப்பு எண் கூடும். நம் நோயாளியின் பதிவு மாற்றத்துக்குப் பின் இப்படி இருக்கலாம்:

```
UID:pal-4127@example.org
SEQUENCE:1
DTSTART;TZID=Asia/Kolkata:20250606T160000
STATUS:TENTATIVE
```

முதலில் SEQUENCE 0, நிலை CONFIRMED. அவர் சம்மதித்தது வியாழனுக்குத்தான். எனவே மருத்துவமனை நேரத்தை மாற்றியதும் உறுதி விலக வேண்டும். செய்தியும் புதிய நேரத்தைச் சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும். மாற்றியவர் நோயாளியே என்றால் மறுபடி கேட்க வேண்டியதில்லை. ‘மாற்றிவிட்டோம்’ என்றால் போதும். ரத்தும் அப்படித்தான்: அவர் ரத்து செய்தால் ஒரு வரி ஒப்புகை, மருத்துவமனை ரத்து செய்தால் வருத்தத்தோடு மாற்று நேரம். ஆக, எந்த நிலையில், யாரால், என்ன நடந்தது என்ற மூன்றும் சேர்ந்தே செய்தியைத் தீர்மானிக்கின்றன.

நினைவூட்டலின் வரிசையில் வாசகத்தை வைக்கக் கூடாது. அடையாள எண்ணும் பதிப்பு எண்ணும் போதும். அனுப்பும் நொடியில் பதிவேட்டைப் பார்த்து, பதிப்பு வேறாகவோ நிலை ரத்தாகவோ இருந்தால் கைவிட வேண்டும். பதிலுக்கும் இதே கவனம் தேவை. பழைய செய்திக்குத் தாமதமாக வரும் ‘1’ என்ற சம்மதப் பதில், வெள்ளிக்கிழமையை உறுதி செய்துவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு பதிப்புக்கும் தனி இணைப்பு அனுப்பலாம். செய்தியின் நீளத்தையும் கவனிக்க வேண்டும்: தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறியீடுகளே அடங்கும். உயிர்மெய் எழுத்துகள் பலவும் இரண்டாக எண்ணப்படும். ஆகவே புதிய நாளும் நேரமும் முதல் வரியிலேயே வர வேண்டும்.

சோதிப்பது எளிது. ஒரு முன்பதிவைச் செய்து, நினைவூட்டலுக்கு முன்பே இருமுறை நேரம் மாற்றி, பிறகு ரத்து செய்யுங்கள். பதிவுக்கு ஒன்று, மாற்றங்களுக்கு இரண்டு, ரத்துக்கு ஒன்று என நான்கு செய்திகள்தான் வர வேண்டும். ஐந்தாவதாக ஒன்று வந்தால், வரிசையில் பழைய நேரம் இன்னும் கிடக்கிறது.