கரையொதுங்கிய செய்தி

2016-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி மாலையில், பொங்கலுக்கு நான்கு நாட்களே இருந்த வேளையில், எங்கள் ஆறுமுகநேரிக்குத் தெற்கே திருச்செந்தூரையும் ஆலந்தலையையும் தாண்டி, கல்லாமொழிக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கரையில், கன்னங்கரேலென்ற பெரிய ஜந்துக்கள் கூட்டங்கூட்டமாய் வந்து ஒதுங்கின. மறுநாள் செய்தியில் அவை திமிங்கலங்கள் என்றும், மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டும் பல திரும்பிவந்துவிட்டன என்றும் கண்டிருந்தது. கூடவே 'தற்கொலை' என்ற சொல்லும் ஊரெங்கும் அடிபட்டது. அண்டை வீட்டு மூன்றாம் வகுப்புச் சிறுமி என்னிடம் வந்து, "தாத்தா, அந்த மீனெல்லாம் ஏன் சாகணும்னு வந்துச்சு?" என்று கேட்டபோதுதான், ஒரு செய்தியைக் குழந்தைக்குத் திருப்பிச் சொல்வது எத்தனை ஜாக்கிரதையான காரியம் என்பது எனக்கு விளங்கிற்று.

அவளுடைய ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. இரண்டும் பெரியவர்கள் கொடுத்தவை. முதலாவது, அது மீன் என்பது. வந்தவை குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள். பெயரில் திமிங்கலம் என்றிருந்தாலும், நம் மீனவர்கள் ஓங்கல் என்று சொல்லும் டால்பின்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை. குட்டி போட்டுப் பால் கொடுப்பவை. தலையுச்சியிலுள்ள துவாரத்தின் வழியே நம்மைப்போலக் காற்றைச் சுவாசிப்பவை. 'ஓங்கலுக்குப் பெரியப்பா' என்று நான் சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உருவத்துக்கு, இரண்டு ஆட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவு என்றேன். யானையளவு, மலையளவு என்று சொல்லியிருந்தால் கண்கள் இன்னும் விரிந்திருக்கும், செய்தி மட்டும் கெட்டிருக்கும்.

காற்றைச் சுவாசிப்பது கரையில் ஏன் சாகிறது என்று உடனே கேட்டாள். நியாயமான கேள்வி. ஆத்தூர் ஆற்றில் குளிக்கும்போது தண்ணீருக்குள் தம்பியை ஒரு கையால் தூக்கிவிடுகிறாயே, படித்துறையில் அவனைத் தூக்க முடிகிறதா என்று திருப்பிக் கேட்டேன். அந்த ஜந்துவையும் கடல்நீர் அப்படித்தான் தாங்கிக்கொண்டிருந்தது; மணலில் கிடக்கும்போது அதன் பாரமே அதன் நெஞ்சை அமுக்கி மூச்சை முட்டவைக்கிறது. தோலுக்கடியிலுள்ள தடித்த கொழுப்போ, ஆழ்கடலின் குளிருக்கென்று அமைந்த கம்பளி. உப்பள வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு கிடப்பவன் கதி அதற்கும் நேர்கிறது.

இரண்டாவது பிழைதான் பொல்லாதது. 'சாகணும்னு வந்துச்சு' என்பது ஒரு நோக்கத்தைக் கற்பிக்கிறது. அந்த நோக்கத்தை யாரும் கண்டதில்லை. விஞ்ஞானிகள் சொல்வன யூகங்கள். இவை ஒலியெழுப்பி அதன் எதிரொலியால் வழியறிகின்றன. கிணற்றுச் சுவர் நம் கூவலைத் திருப்பித் தருவதுபோல் பாறை ஒலியைத் திருப்பித் தரும், ஆனால் மெல்லச் சரியும் மணற்கரை அவ்வளவு தெளிவாகத் தராது. அதனால் ஏமாந்திருக்கலாம். கூட்டத்தை விட்டுப் பிரியாத ஜாதியாதலால், வழிதவறிய அல்லது நோயுற்ற ஒன்றன் பின்னே மற்றவை வந்திருக்கலாம். தள்ளிவிட்டவை திரும்பிவந்ததற்கும் அதுவே காரணமாயிருக்கக்கூடும். இந்த 'லாம்' என்ற விகுதியைக் குழந்தைக்குச் சுமையென்று எண்ணி உதிர்த்துவிடுகிறவர்கள் அநேகர். எனக்கு அதில் சம்மதமில்லை. 'ஒருவேளை' என்ற சொல்லை மூன்றாம் வகுப்புப் பிள்ளை தினமும் பேசுகிறது. 'எதிரொலி' என்பதைத்தான் கிணற்றைக் காட்டி விளக்கவேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையிலும் ஓர் இடறல் உண்டு. முதலில் வந்த செய்திகள் நூறளவுக்குச் சொல்லின. பின்னர் 81 என்றும், அவற்றில் 45 இறந்தன, 36 கடலுக்குத் திரும்ப அனுப்பப்பட்டன என்றும் கணக்கு வந்தது. சிறுமிக்கு 'எண்பதுக்கு மேல்' போதும், 'ஆயிரக்கணக்கில்' கூடாது. 'முப்பத்தாறு பிழைத்தன' என்று சொல்ல என் நாக்கும் எழுந்தது, அவள் முகம் அப்படி வாடியிருந்தது. ஆனால் அனுப்பப்பட்டன என்பதே செய்தி. அப்புறம் அவை பிழைத்தனவா என்பதைச் செய்தி சொல்லவில்லை. அதையே சொன்னேன். வருத்தத்தைக் குறைக்க, மீனவர்கள் இரவெல்லாம் அலையில் நின்று தள்ளியதை விஸ்தாரமாகச் சொன்னேன், அது நடந்ததுதானே.

சொன்னது சரியாய்ப் போய்ச் சேர்ந்ததா என்றறிய, கேட்டவளையே தன் தம்பிக்குச் சொல்லவைத்தேன். "ஓங்கலுக்குப் பெரியப்பா நெறைய, எண்பதுக்கு மேலே, கரைக்கு வந்துடுச்சு. தண்ணி தாங்காம அதோட கனமே அதை அமுக்கிடுச்சு. பாதிக்கு மேலே செத்துப்போச்சு. மத்ததைக் கடல்ல விட்டாங்க. ஏன் வந்துச்சுன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது, ஒருவேளை வழி தப்பியிருக்கும்" என்றாள். என் நீண்ட வியாக்கியானத்தைவிட அவள் சொன்னது செய்திக்கு நெருக்கமாயிருந்தது.

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?" என்று தம்பி கேட்டான். வந்திருக்கின்றன. 1973-இலும், அதே ஜனவரி மாதத்தில், இதே தூத்துக்குடிக் கரையில், 147 ஒதுங்கின.