சித்திரப் படத்தில் வாயசைப்பு அட்டவணை

சித்திரப் படத்தில் பாத்திரங்கள் பேசும் காட்சிகளுக்குப் பெரும்பாலும் குரலை முதலில் பதிவு செய்வர். படம் பின்னரே வரையப்படும். சித்திரக்காரர் உரையாடலின் எழுத்துப் பிரதியை எதிரில் வைத்துக்கொண்டு, எவ்வொலிக்கு எவ்வாய் வடிவம் என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்றைத் தயாரிக்கிறார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு படம் தேவையில்லை. ஏழெட்டு வடிவங்களே போதும். ப, ம இரண்டுக்கும் உதடுகள் மூடிய ஒரே வடிவம். ஆ என்பதற்கு வாய் நன்கு திறந்த வடிவம். ஊ, ஓ ஆகியவற்றுக்குக் குவிந்த வடிவங்கள். வ என்பதற்குக் கீழுதடு மேற்பற்களை ஒட்டிய வடிவம். க, த, ந போன்றவை வாயினுள்ளே பிறப்பவை. ஆகவே அவற்றுக்குச் சிறிது திறந்த வாய் ஒன்றே பொதுவாகப் பயன்படும்.

பிரதியை மட்டும் நம்பி வரைந்தால் பிழை நேரும். “பாம்பு!” என்று ஒரு பாத்திரம் அலறுவதாகக் கொள்வோம். எழுத்தில் உதடு மூடும் ஒலிகள் மூன்று உள்ளன. எனினும், ‘ம்’ என்பதற்கும் அடுத்த ‘பு’ என்பதற்கும் இடையே உதடுகள் பிரிவதில்லை. எனவே வாய் மூடுவது இரு முறையே. இறுதி உகரத்தைக் கண்டவுடன் குவிந்த வாயை வரைவதும் தவறு. தமிழாசிரியர்கள் நன்கறிந்தவாறு அது குற்றியலுகரம். இயல்பான பேச்சில் அதற்கு உதடு குவிவதில்லை. ‘பூ’ என்னும் சொல்லுக்கு வரைந்த வாய் இங்கே பொருந்தாது.

பிலிம் விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகிறது. அவ்வலறல் 16 பிரேம்கள் நீடித்தால், முதல் இரண்டில் மூடிய வாய், அடுத்த ஆறில் திறந்த வாய், பின்னர் நான்கில் மீண்டும் மூடிய வாய், எஞ்சிய நான்கில் சிறிது திறந்த வாய் என்று குறிக்கலாம். மூடிய வாயை ஒரே பிரேமில் காட்டினால் கண்ணுக்குப் புலப்படாது. குறைந்தது இரண்டேனும் வேண்டும். உதடுகள் மூடிய பின்னரே பகரம் வெடித்து எழுகிறது. ஆதலால் வாய் வடிவம் ஒலிக்கு ஓரிரு பிரேம்கள் முந்தி வருவது நன்று. பிந்தினால் பேச்சு வேறெங்கிருந்தோ வருவது போலத் தோன்றும்.

மற்றொரு பிழை, ஒவ்வோர் எழுத்துக்கும் வாயை மாற்றுவது. ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை ஓட்டினால் அது உடனே தெரிந்துவிடும். பாத்திரம் பேசுவதாக அன்றி, எதையோ மெல்லுவதாகவே காணப்படும். உயிரொலிகளையும் மூடும் இடங்களையும் மட்டும் தெளிவாகக் காட்டி, ஏனையவற்றை விட்டுவிடுவதே தக்க முறை. இதற்குச் சித்திரக்காரர் கண்ணாடி முன் நின்று தாமே சொல்லிப் பார்ப்பது வழக்கம்.

படம் முடிந்த பின் வேறு மொழியில் குரல் சேர்க்கும்போது இவ்வேலை தலைகீழாகிறது. அங்கே வாய் முன்னரே அமைந்துவிட்டது. வாய் மூடும் இடத்தில் பகரமோ மகரமோ வரும் சொல்லை மொழிபெயர்ப்பாளர்தான் தேட வேண்டியிருக்கிறது.